ஆள் பற்றாக்குறையும் கூலி அளவுகோலும்: வெளிநாட்டுத் தொழிலாளரை அழைக்கும் முன் இரு நிபந்தனைகள்

திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலகங்களின் வாயில்களில் "டெய்லர்கள் தேவை", "செக்கிங், பேக்கிங் ஆட்கள் தேவை" என்ற பலகைகள் ஆண்டு முழுவதும் தொங்குகின்றன. உள்ளூரில் ஆள் கிடைப்பதில்லை என்பது இத்தொழிலின் நீண்ட நாள் முறையீடு. முதலில் மதுரை, தேனி, திண்டுக்கல், இராமநாதபுரம் பகுதிகளிலிருந்தும், பிறகு பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், மேற்கு வங்காளம் ஆகிய மாநிலங்களிலிருந்தும் தொழிலாளர்கள் இங்கு வந்து சேர்ந்தனர். நாட்டுக்குள் இப்படி ஆள் சேர்ப்பதற்கு எந்த முன் அனுமதியும் தேவையில்லை. நாட்டு எல்லைக்கு வெளியிலிருந்து ஆளை அழைக்க வேண்டுமானால் நிலைமை வேறு. பல நாடுகளின் சட்டங்கள் அப்போது முதலாளியிடம் இரண்டு செய்திகளைக் கேட்கின்றன: இந்த வேலை காலியாக இருப்பதை உள்ளூர் மக்களுக்குத் தெரியப்படுத்தினீர்களா? இந்த வேலைக்கு இங்கு வழங்கும் கூலிக்குக் குறையாமல் கொடுக்கப் போகிறீர்களா?

முதலாவது உள்ளூர் விளம்பர நிபந்தனை. இரண்டாவது ஊதிய அளவுகோல் நிபந்தனை. இவை ஏன் தோன்றின, ஏன் பெரும்பாலும் சேர்ந்தே வருகின்றன, இந்தியா ஏன் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டது என்பவற்றைத் திருப்பூரின் கூலிக் கணக்கை வைத்து எளிதில் விளங்கிக்கொள்ளலாம்.

பற்றாக்குறை எந்தக் கூலியில்?

திருப்பூரில் கூலி என்பது தனியொருவர் பேசி முடிக்கும் தொகை மட்டுமன்று. 1984இல் பஞ்சப்படி கோரி நடந்த வேலைநிறுத்தம் 127 நாட்கள் நீடித்தது. பின்னலாடைத் தொழிலில் முதலாளிகள் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் அமர்ந்து பேசிப் பல ஆண்டுகளுக்கான கூலி ஒப்பந்தம் செய்வது இவ்வூரின் வழக்கம். கட்டிங், பவர்டேபிள் டெய்லர், சிங்கர் டெய்லர், அயர்ன், பேக்கிங், செக்கிங், கைமடி என ஒவ்வொரு வேலைக்கும் எட்டு மணிநேர ஷிப்ட்டுக்கு இவ்வளவு என்று அதில் எழுதப்படும். 2021இல் எட்டப்பட்ட ஒப்பந்தம் நான்கு ஆண்டுகளில் மொத்தம் 32 விழுக்காடு உயர்வுக்கு வழிசெய்தது. இதற்குக் கீழே அரசின் குறைந்தபட்சக் கூலி அறிவிப்பு தனியாக உண்டு. ஆக, "இந்த வேலைக்கு இங்கு வழங்கும் கூலி எவ்வளவு" என்ற கேள்விக்குத் திருப்பூரில் ஓரளவு தெளிவான விடை கிடைக்கும். எல்லாத் தொழில்களுக்கும் இந்த வசதி இல்லை.

இப்போது ஒரு கணக்கைப் பார்க்கலாம். எண்கள் விளக்கத்துக்காக மட்டுமே. ஒரு டெய்லரின் ஷிப்ட் கூலி 500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நிறுவனம் 400 ரூபாய்க்கு ஆள் தேவை என்று பலகை வைக்கிறது. அருகிலேயே 500 ரூபாய் கிடைக்கும்போது யாரும் அந்த வாயிலை மிதிக்க மாட்டார்கள். ஒரு மாதம் கழித்து, "விளம்பரம் செய்தோம், ஒருவரும் வரவில்லை, வெளிநாட்டிலிருந்து அழைக்க அனுமதி கொடுங்கள்" என்று நிறுவனம் விண்ணப்பிக்கிறது. விளம்பரம் செய்தது உண்மை. ஆள் வராததும் உண்மை. ஆனால் அங்கே இருப்பது ஆள் பற்றாக்குறை அன்று, 100 ரூபாய் பற்றாக்குறை. விளம்பர நிபந்தனை மட்டும் இருந்தால் இந்த விண்ணப்பத்தை மறுக்கச் சட்டத்தில் வழியிருக்காது.

மறுபக்கமும் உண்டு. கூலி நிபந்தனை மட்டும் இருக்கிறது. நிறுவனம் 500 ரூபாயே கொடுக்கிறது. ஆனால் உள்ளூர் ஆளைத் தேடவே இல்லை. கூலி சமமாயிருக்கும்போது வெளியாளை ஏன் விரும்ப வேண்டும்? காரணம் இருக்கிறது. உள்ளூர் டெய்லர் அடுத்த தெரு கம்பெனியில் பத்து ரூபாய் கூடுதலாகக் கிடைத்தால் திங்கட்கிழமை அங்கே போய்விடுவார். நிறுவனத்தின் பெயரில் விசா பெற்று வந்தவரால் அப்படிப் போக முடியாது. வேலையை விட்டால் நாட்டைவிட்டே போக வேண்டியிருக்கும். நிறுவன விடுதியில் தங்கி, கேட்கும்போதெல்லாம் ஒன்றரை ஷிப்ட் பார்க்கும் ஆள், அதே கூலியிலும் முதலாளிக்கு மலிவானவர். இந்தக் கட்டுப்பாட்டுக்குக் கிடைக்கும் விலையைக் கூலிப் பதிவேடு காட்டாது. அதனால்தான் கூலியோடு தேடலும் கேட்கப்படுகிறது.

பிராசெரோ தந்த பாடம்

இந்த இரட்டை நிபந்தனை ஏட்டளவில் யோசித்து எழுதப்பட்டதன்று. அமெரிக்காவில் 1942 முதல் 1964 வரை நடந்த பிராசெரோ திட்டம் அதற்கு முக்கியமான பின்னணி. போர்க்கால ஆள் குறைவைக் காட்டி மெக்சிகோவிலிருந்து பண்ணைத் தொழிலாளர்களை ஒப்பந்தத்தில் அழைத்துவந்த திட்டம் அது. இருபத்திரண்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 46 லட்சம் ஒப்பந்தங்கள் போடப்பட்டன. ஒரே ஆள் பலமுறை வந்ததும் இந்தக் கணக்கில் சேரும்.

அத்திட்டத்திலும் பாதுகாப்புகள் எழுதப்பட்டிருந்தன. உள்ளூரில் ஆள் இல்லை என்று சான்று வேண்டும். அப்பகுதியில் நடைமுறையில் உள்ள கூலியைத் தர வேண்டும். ஓட்டை எங்கே இருந்தது என்றால், "நடைமுறைக் கூலி" எது என்பதில்தான். பயிர்க் காலம் தொடங்குவதற்கு முன்பே பண்ணையாளர் சங்கங்கள் கூடி, இந்த ஆண்டு இவ்வளவுதான் என்று ஒரு கூலியை முடிவு செய்துவிடும். அந்தக் கூலிக்கு உள்ளூர்த் தொழிலாளர் வரமாட்டார். உடனே பற்றாக்குறைச் சான்று கிடைக்கும். மெக்சிகோ தொழிலாளர் வந்து அதே கூலிக்கு வேலை செய்வார். எல்லோரும் அதையே கொடுப்பதால் அதுவே நடைமுறைக் கூலியாகப் பதிவாகும். குடியரசுத் தலைவர் ட்ரூமன் அமைத்த புலம்பெயர் தொழிலாளர் ஆணையத்தின் 1951ஆம் ஆண்டு அறிக்கை இந்தச் சுழலைத்தான் சுட்டிக்காட்டியது. கூலியை முதலாளியே வைத்து, அந்தக் கூலியில் ஆள் இல்லை என்று அவரே சொல்லும்வரை சான்றுக்கு மதிப்பில்லை.

சட்டம் இதைத் திருத்திக்கொள்ள நாளாயிற்று. 1952ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டத்தில், தொழிலாளர் துறைச் செயலர் முன்வந்து தடை சொன்னால்தான் வெளிநாட்டுத் தொழிலாளர் நிறுத்தப்படுவார். அவர் பேசாதிருந்தால் அனுமதி. 1965இல் இது தலைகீழாக மாற்றப்பட்டது. போதிய உள்ளூர்த் தொழிலாளர் இல்லை, இவர் வருவதால் உள்ளூர்க் கூலியும் பணிநிலையும் கெடாது என்ற இரண்டையும் தொழிலாளர் துறை முன்கூட்டியே சான்றளிக்க வேண்டும். இல்லையேல் அனுமதி இல்லை. மெய்ப்பிக்கும் பொறுப்பு முதலாளியின் தோளுக்கு மாறியது இங்கேதான்.

பிராசெரோ முடிந்ததும் உள்ளூர்க் கூலி உயர்ந்ததா என்றால், எதிர்பார்த்தபடி உயரவில்லை. மைக்கேல் கிளெமென்ஸ், ஈதன் லூயிஸ், ஹன்னா போஸ்டல் ஆகிய பொருளியலாளர்கள் 2018இல் வெளியிட்ட ஆய்வில், பண்ணையாளர்கள் கூலியைக் கூட்டுவதற்குப் பதில் இயந்திரங்களுக்கு மாறினர் என்று காட்டினர். கலிபோர்னியாவின் தக்காளி அறுவடை இயந்திரம் அதற்கு நல்ல சான்று. வெளியாட்களை நிறுத்தினாலே உள்ளூர்க் கூலி ஏறிவிடும் என்று நம்புவோர் இந்த முடிவை மறந்துவிடக் கூடாது. நிபந்தனைகளின் நியாயம் கூலியை ஏற்றுவதில் இல்லை. கூலி கீழே இழுக்கப்படாமல் தடுப்பதில் இருக்கிறது.

முதலில் கூலி, பிறகு விளம்பரம்

நிரந்தர வேலைக்கு வெளிநாட்டவரை அழைக்கும் இன்றைய அமெரிக்க நடைமுறையில், பெர்ம் என்று அழைக்கப்படும் தொழிலாளர் சான்று, 2005 முதல் இருந்துவருகிறது. அதில் படிகளின் வரிசையே முக்கியம். முதற்படி, இந்த வேலைக்கு இந்த ஊரில் நடைமுறைக் கூலி எவ்வளவு என்று முதலாளி அரசிடம் கேட்டுப் பெற வேண்டும். அதில் நூறு விழுக்காட்டைத் தர ஒப்ப வேண்டும். முன்பு 95 விழுக்காடு இருந்தால் போதும் என்ற சலுகை இருந்தது. 2004ஆம் ஆண்டுச் சட்டம் அதை நீக்கியது.

அதன் பிறகே விளம்பரம். மாநில வேலைவாய்ப்பு நிறுவனத்தில் 30 நாட்கள் அறிவிப்பு இருக்க வேண்டும். அப்பகுதியின் நாளிதழில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் விளம்பரம் வர வேண்டும். பணியிடத்தில் பத்து வேலைநாட்கள் அறிவிப்பு ஒட்டியிருக்க வேண்டும். பட்டப்படிப்பு வேண்டிய வேலை என்றால் வேறு மூன்று வழிகளிலும் தேட வேண்டும். நாளிதழ் விளம்பரத்தில் சம்பளத்தைக் குறிப்பிடுவது கட்டாயமில்லை. பணியிடத்தில் ஒட்டும் அறிவிப்பில் குறிப்பிட்டே ஆக வேண்டும். ஏனெனில் உடன் வேலை செய்பவர்தான் அந்தத் தொகையைப் பார்த்தவுடன் இது குறைவு என்று சொல்லக் கூடியவர். வந்த விண்ணப்பங்களில் உள்ளூரார் ஒவ்வொருவரும் எந்தக் காரணத்தால் தள்ளப்பட்டனர் என்பதையும் முதலாளி அறிக்கையாக எழுதி வைத்திருக்க வேண்டும்.

இவ்வளவு இருந்தும் விளம்பரம் என்பது ஏமாற்ற எளிதான நிபந்தனை. ஆளை முன்பே தேர்ந்தெடுத்துவிட்ட நிறுவனம், யாரும் வரக் கூடாது என்ற எண்ணத்தோடுதான் விளம்பரம் கொடுக்கும். ஃபேஸ்புக் நிறுவனத்தின்மீது அமெரிக்க நீதித்துறை 2020 டிசம்பரில் தொடுத்த வழக்கு இதற்குப் பெயர்பெற்றது. தன் மற்ற வேலைகளுக்கு இணையத்தில் விண்ணப்பம் வாங்கிய நிறுவனம், இந்தச் சான்றுக்கான வேலைகளுக்கு மட்டும் அஞ்சலில் தாள் விண்ணப்பம் அனுப்பச் சொன்னது என்பது குற்றச்சாட்டு. விண்ணப்பங்கள் அரிதாகவே வந்தன. 2021 அக்டோபரில் 47.5 லட்சம் டாலர் தண்டத்தொகையும், பாதிக்கப்பட்டோருக்கு 95 லட்சம் டாலர் வரையிலான இழப்பீடும் என்று உடன்பாடு ஏற்பட்டது. விளம்பரம் போலியா என்று கண்டறிய இதுவே நல்ல உரைகல்: அந்த நிறுவனம் தனக்கு உண்மையிலேயே ஆள் வேண்டிய வேலைகளுக்கு எப்படித் தேடுகிறது, இதற்கு எப்படித் தேடியது என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

தமிழ்நாட்டுப் பொறியாளர்கள் பலருக்கு அறிமுகமான எச்-1பி விசாவில் பெரும்பாலான முதலாளிகளுக்கு விளம்பர நிபந்தனையே இல்லை. கூலி நிபந்தனை மட்டும் உண்டு. எச்-1பி தொழிலாளர்களையே அதிகம் சார்ந்த நிறுவனங்களுக்கு உள்ளூரில் தேடும் கடமை 1998இல் விதிக்கப்பட்டது. ஆனால் ஆண்டுக்கு 60,000 டாலர் கொடுத்தால் அதிலிருந்து விலக்கு. 1998இல் அது நல்ல சம்பளம். விலைவாசி எங்கோ போய்விட்ட பிறகும் அத்தொகை மாறாததால், வேலி தரையோடு படுத்துவிட்டது. அளவுகோலைச் சட்டத்தில் எண்ணாக எழுதி வைப்பதில் உள்ள ஆபத்து இது.

இந்தியச் சட்டங்களில் சிதறிக் கிடப்பவை

இந்தியாவில் இவ்விரு நிபந்தனைகளும் இல்லாமலில்லை. வெவ்வேறு சட்டங்களில், வெவ்வேறு நோக்கத்தோடு கிடந்தன. 1959ஆம் ஆண்டு வேலைவாய்ப்பகங்கள் (காலியிடங்களைக் கட்டாயமாக அறிவித்தல்) சட்டம், 25 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் தனியார் நிறுவனங்கள் தம் காலியிடங்களை வேலைவாய்ப்பகத்துக்கு அறிவிக்க வேண்டும் என்றது. அறிவித்தால் போதும்; அங்கிருந்துதான் ஆளை எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்று அச்சட்டமே தெளிவாகச் சொன்னது. விளம்பரம் உண்டு, அதன்மேல் கட்டிய விளைவு இல்லை.

கூலி அளவுகோல் 1979ஆம் ஆண்டு மாநிலங்களுக்கிடையே புலம்பெயரும் தொழிலாளர் சட்டத்தில் இருந்தது. ஒப்பந்தக்காரர் மூலம் வேறு மாநிலத்திலிருந்து அழைத்து வரப்பட்டவருக்கு, அதே வேலையைச் செய்யும் மற்றவருக்கு உள்ள கூலியும் வேலை நேரமும் விடுமுறையும் இருக்க வேண்டும். எந்நிலையிலும் குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே போகக் கூடாது. இது அப்படியே வெளிநாட்டுத் தொழிலாளர் சட்டங்களில் காணும் விதிதான். இப்போது இவ்விரு சட்டங்களும் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளுக்குள் சேர்ந்துவிட்டன.

உள்ளூராருக்கு முதலிடம் என்பதை நாட்டுக்குள் விதிக்க முடியுமா? அரியானா முயன்று பார்த்தது. மாதம் 30,000 ரூபாய்க்கு உட்பட்ட தனியார் வேலைகளில் 75 விழுக்காடு அம்மாநிலத்தவருக்கு என்ற சட்டத்தைப் பஞ்சாப்–அரியானா உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில் செல்லாது என்றது. இந்தியக் குடிமகன் நாட்டின் எப்பகுதிக்கும் சென்று வாழவும் தொழில் செய்யவும் உரிமை உள்ளவர். எனவே பீகாரிலிருந்து திருப்பூருக்கு வருபவரைப் பொறுத்தவரை விளம்பர நிபந்தனைக்கு இடமே இல்லை; சமக் கூலி என்ற ஒற்றைக் காவல்தான் உண்டு. அது செயல்படாத இடத்தில் என்ன நடக்கும் என்பதைத் திருப்பூர் அறியும். கூலியைக் குறைப்பவர் ஒருவராக இருக்க, கோபம் பக்கத்து இயந்திரத்தில் அமர்ந்திருப்பவர்மீது திரும்புகிறது. 2023 மார்ச்சில் வடமாநிலத் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் போலிக் காணொளிகள் பரவியபோது, பீகார் அரசு அலுவலர் குழுவே நேரில் வந்து பார்க்க வேண்டியதாயிற்று.

பதினாறேகால் லட்சம்

வெளிநாட்டவரைப் பொறுத்தவரை இந்தியா விளம்பரத்தை விட்டுவிட்டுக் கூலியை மட்டும் பிடித்துக்கொண்டது. 2009இல் மின் திட்டங்கள் முதலியவற்றில் சீனத் தொழிலாளர்கள் வணிக விசாவில் வந்து வேலை செய்வது பெரும் விவாதமானது. அப்படி வந்தவர்கள் நாடு திரும்பி, முறையான வேலைவாய்ப்பு விசா பெற்று வர வேண்டும் என்று அரசு உத்தரவிட்டது. அதைத் தொடர்ந்து வேலைவாய்ப்பு விசாவுக்கு ஆண்டுக்கு 25,000 டாலர் என்ற குறைந்தபட்ச ஊதிய வரம்பு வந்தது. இன்று அது 16.25 லட்சம் ரூபாய் என்று எழுதப்படுகிறது. டாலருக்கு 65 ரூபாய் வீதம் பெருக்கினால் கிடைக்கும் தொகை அது. தகுதியுள்ள இந்தியர் ஏராளமாகக் கிடைக்கும் வேலைகளுக்கும், வழக்கமான எழுத்தர் வேலைகளுக்கும் இந்த விசா இல்லை என்றும் விதி சொல்கிறது. தம் நாட்டு உணவு சமைக்கும் சமையல்காரர், ஆங்கிலம் அல்லாத மொழிகளின் ஆசிரியர், மொழிபெயர்ப்பாளர், தூதரகப் பணியாளர் ஆகியோருக்கு ஊதிய வரம்பில் விலக்கு உண்டு.

இந்த எண்ணைத் திருப்பூர்க் கணக்கில் போட்டால் வேலியின் உயரம் தெரியும். 16.25 லட்சத்தைப் பன்னிரண்டால் வகுத்தால் மாதம் சுமார் 1,35,400 ரூபாய். மேலே எடுத்துக்காட்டிய 500 ரூபாய்க் கூலியில் மாதம் 26 ஷிப்ட் பார்க்கும் டெய்லருக்கு 13,000 ரூபாய். பத்து மடங்குக்கு மேல் வித்தியாசம். ஓவர்லாக் ஓட்டவோ பீஸ் மடிக்கவோ வெளிநாட்டிலிருந்து ஆளை அழைப்பதை இந்த ஒரே எண் முடித்துவிடுகிறது. அதற்குத் தனியாக விளம்பரமோ விசாரணையோ வேண்டாம். வரக் கூடியவர் பின்னல் இயந்திரம், சாயமேற்றல், துணி வடிவமைப்பு போன்றவற்றில் அரிய திறன் கொண்ட வல்லுநர் மட்டுமே. பிரிட்டனும் 28 நாள் உள்ளூர் விளம்பர விதியை 2020 இறுதியில் கைவிட்டு ஊதிய வரம்பை வைத்துக்கொண்டது. விளம்பரத்தைச் சோதிப்பதைவிடச் சம்பளச் சீட்டைச் சோதிப்பது அலுவலகங்களுக்கு எளிது என்பது இரு நாடுகளுக்கும் பொருந்தும் காரணம்.

ஆனால் உயரமான ஒற்றை எண்ணில் இரண்டு குறைகள் உண்டு. டெய்லர் கூலிக்கும் வல்லுநர் சம்பளத்துக்கும் இடையே மாதம் 40,000, 60,000 ரூபாய் என்று பெறும் மெர்ச்சன்டைசர், தரக் கட்டுப்பாட்டாளர், பேட்டர்ன் மாஸ்டர் ஆகியோர் இருக்கிறார்கள். இந்த நடுத்தட்டில் உண்மையிலேயே உள்ளூரில் கிடைக்காத ஒருவர் தேவைப்பட்டாலும், தேடிப் பார்த்தோம் என்று மெய்ப்பிக்க நிறுவனத்துக்கு வழியில்லை. எண் மட்டுமே பேசும். வேலைக்கு வேலை அளவுகோல் வைக்கும் முறையில் இந்தச் சிக்கல் குறைவு. இன்னொன்று, சட்டவழி முழுவதும் அடைபட்ட இடத்தில் ஆள் வருவது நின்றுவிடுவதில்லை, காகிதம் இல்லாமல் வருகிறது. நேபாளக் குடிமக்களுக்கு 1950ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி இந்தியாவில் வேலை செய்ய விசாவே தேவையில்லை. வங்கதேசத்தவருக்கு அந்த உரிமை இல்லை. 2025 ஜனவரியில் பல்லடம் உள்ளிட்ட திருப்பூர்ப் பகுதிகளில், உரிய ஆவணங்களின்றித் தங்கி வேலை செய்த வங்கதேசத்தவர் பலர் கைது செய்யப்பட்டனர்.

அப்படி வேலை செய்பவருக்கு ஒப்பந்தக் கூலியும் குறைந்தபட்சக் கூலியும் ஏட்டில் இருந்தும் பயனில்லை. தொழிலாளர் ஆய்வாளரிடம் போய் 500 ரூபாய்க்குப் பதில் 350தான் கொடுக்கிறார்கள் என்று சொன்னால், கூலி வழக்குக்கு முன் அவர்மீதே வெளிநாட்டவர் சட்ட வழக்கு வரும். அவரை வைத்து வேலை வாங்கும் சிறு ஜாப் ஒர்க் யூனிட் அந்த 150 ரூபாய் வித்தியாசத்தில் ஆர்டர் பிடிக்கிறது. ஒப்பந்தக் கூலி கொடுக்கும் யூனிட், அதே ஆர்டருக்கு அதே விலையைச் சொல்ல முடியாமல் நிற்கிறது.